உதவித்தொகைக்கான ஜமாஅத் கடிதம்: மஹல்லா நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மஹல்லா ஜமாஅத் தலைவர், செயலாளர், முத்தவல்லி, நிர்வாகக் குழுவினர் அனைவருக்கும்,

அஸ்ஸலாமு அலைக்கும்.

நம் மஹல்லா மாணவர்களுக்கு உதவித்தொகை விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கும் நாங்கள், பள்ளிவாசல் பலகையில் நீங்கள் ஒட்டியிருக்கும் அறிவிப்பைப் பற்றி எழுதுகிறோம். கல்வி உதவித்தொகைக்கு ஜமாஅத் கடிதம் கேட்பவர்கள் சந்தா பாக்கி முழுவதையும் கட்டியிருக்க வேண்டும், குடும்பத் தலைவரான ஆண் நேரில் வர வேண்டும், வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த பிறகு மட்டுமே கடிதம் தரப்படும் என்று அதில் மூன்று நிபந்தனைகள் உள்ளன. கடிதம் வாங்க வருவோர் பெருகிவிட்டார்கள், சிலர் தவறான தகவல் சொல்லிக் கடிதம் வாங்கிவிட்டார்கள் என்று நீங்கள் காரணம் சொன்னதும் தெரியும். அந்தக் கவலை நியாயமானது. ஆனால் இந்த மூன்று நிபந்தனைகளில் எதுவும் பொய்க் கடிதத்தைத் தடுக்காது. உண்மையான பிள்ளைகளைத்தான் வாசலோடு திருப்பி அனுப்பும்.

இந்தக் கடிதத்தை யார் கேட்கிறார்கள், எதற்குக் கேட்கிறார்கள் என்பதிலிருந்து தொடங்குகிறோம். அரசு இதைக் கேட்பதில்லை. சாதிச் சான்றிதழும் வருமானச் சான்றிதழும் இ-சேவை மையம் வழியாக விண்ணப்பித்து வருவாய்த்துறையிடம் வாங்க வேண்டியவை. தேசிய உதவித்தொகைத் தளத்தில் சிறுபான்மை மாணவர் திட்டங்களுக்குக்கூட, எந்தச் சமயம் என்பதை மாணவரே சுய உறுதிமொழியாக எழுதிக் கொடுக்கும் முறைதான் இருந்தது. ஜமாஅத் கடிதம் கேட்பவை நம் சமுதாய அறக்கட்டளைகள். அவற்றில் பல, ஜகாத் பணத்திலிருந்து உதவித்தொகை தருபவை. ஜகாத்தை யாருக்குக் கொடுக்கலாம் என்பதைத் திருக்குர்ஆன் 9:60 எட்டு வகையாக வரையறுத்திருக்கிறது. அந்த வரையறைக்குள் நின்று பணத்தைக் கொடுக்க வேண்டிய பொறுப்பு அறங்காவலர்களுடையது. நூறு மைல் தள்ளி உட்கார்ந்திருக்கும் அவர்களுக்கு நம் தெருவில் யார் இருக்கிறார்கள் என்று தெரியாது. தெரிந்த ஒரே அமைப்பு பதிவேடு வைத்திருக்கும் ஜமாஅத்துதான். அதனால் உங்களிடம் சாட்சி கேட்கிறார்கள்.

சாட்சி என்ற சொல்லைத் தெரிந்தேதான் எழுதுகிறோம். சாட்சியத்தை மறைக்க வேண்டாம் என்று 2:283 சொல்வதை இந்தப் பள்ளிவாசலில் பலமுறை பயானில் கேட்டிருக்கிறோம். பதிவேட்டில் ஒரு குடும்பம் இருக்கிறது என்றால் இருக்கிறது என்று எழுதித் தர வேண்டும். இல்லை என்றால் எழுதக்கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவே சந்தா பாக்கிக்கு இடமே இல்லை. பாக்கி வைத்தவருடைய பெயரை நீங்கள் பதிவேட்டிலிருந்து அடித்துவிடவில்லை. அடித்திருந்தால் அவர் உங்களுக்குப் பாக்கிதாரராக இருக்க முடியாது. பாக்கி கேட்கும்போது உறுப்பினராகவும், பிள்ளை கடிதம் கேட்கும்போது உறுப்பினர் இல்லாதவராகவும் ஒரே குடும்பத்தை எப்படி வைத்திருக்க முடியும்?

சந்தாவை வசூலிக்கும் உரிமையை நாங்கள் மறுக்கவில்லை. பள்ளிவாசலின் மின்கட்டணமும் இமாம், முஅத்தினுடைய சம்பளமும் அந்தப் பணத்தில்தான் நடக்கின்றன. வசூலிப்பவரை வீட்டுக்கு அனுப்புங்கள், தவணை கொடுங்கள், முடியாதவருக்குத் தள்ளுபடி செய்யுங்கள். பிள்ளையின் விண்ணப்பத்தைப் பிணையாகப் பிடித்து வைக்காதீர்கள். அறக்கட்டளை தேடுவது பணமில்லாத வீட்டைத்தான். பல மாதம் சந்தா கட்ட முடியாமல் போன வீடும் பெரும்பாலும் அதே வீடுதான். இந்த நிபந்தனை யாருக்குக் கடிதம் மிகவும் தேவையோ அவர்களையே பொறுக்கியெடுத்துத் தடுக்கிறது.

ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். இந்த அறிவிப்பு வந்தபின் எங்களிடம் வரும் விண்ணப்பங்களில் திரும்பத் திரும்பக் காணும் நிலைமை இது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்துக் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். வாப்பா இறந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. தம்பிக்கு வயது 15. பதிவேட்டில் குடும்பத்தின் பக்கம் வாப்பாவின் பெயரில் இருக்கிறது. அவர் பெயருக்குக் கீழே மனைவி 1, மகன் 1, மகள் 1 என்று எண்ணிக்கை மட்டும் உள்ளது, பெயர்கள் இல்லை. மாதச் சந்தா 100 ரூபாய் என்று வைத்தால், அவர் மறைந்த பிறகு 36 மாதங்களுக்கு 3,600 ரூபாய் பாக்கி ஏறியிருக்கிறது. வசூலிப்பவர் அந்த வீட்டுப் பக்கம் போவதையே நிறுத்திவிட்டார். இப்போது உங்கள் நிபந்தனைகளை வைத்துப் பாருங்கள். பாக்கி இருப்பதால் கடிதம் இல்லை. ஆண் குடும்பத் தலைவர் இல்லாததால் நேரில் வர ஆள் இல்லை. உம்மா வெள்ளிக்கிழமை வந்தாலும் ஜும்ஆ கூட்டம் கலையும்வரை வெளிவாசலில் நிற்க வேண்டும். பதிவேட்டில் பெயர் இல்லாததால் மகள் யாரென்றே தெரியாது என்று எழுத்தர் சொல்லிவிடலாம்.

இதே மாணவியின் உறுப்பினர் நிலையைச் சரிபார்க்க உங்களிடம் இருக்கும் பதிவேடுகளும் அவள் கொண்டுவரும் ஆவணங்களுமே போதும். நிகாஹ் பதிவேட்டில் பெற்றோரின் திருமணம் இருக்கிறது. அதில் இருவரின் பெயரும், அவர்களுடைய தந்தையரின் பெயரும், தேதியும் சாட்சிகளும் உண்டு. கபர்ஸ்தானில் அடக்கம் செய்ததற்கான பதிவில் வாப்பாவின் மறைவு இருக்கிறது. மாணவி கொண்டுவரும் பிறப்புச் சான்றிதழில் அதே பெற்றோரின் பெயர்கள் இருக்கின்றன. குடும்ப அட்டையில் இப்போது உம்மாதான் குடும்பத் தலைவர். சந்தாப் பதிவேட்டின் பக்கத்தோடு இந்த நான்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். யாரும் யாருக்கும் சிபாரிசு சொல்ல வேண்டியதில்லை. அந்த நேரத்திலேயே குடும்பப் பக்கத்தை உம்மாவின் பெயருக்கு மாற்றி, பிள்ளைகளின் பெயரையும் எழுதிவிட்டால் அடுத்த ஆண்டுப் புதுப்பித்தலுக்கு இந்தத் தேடலே வேண்டாம். பெண் குடும்பத் தலைவராகப் பதிவேட்டில் இருப்பதற்கு எந்தத் தடையும் இல்லை. நம் பதிவேட்டுப் படிவத்தில் அந்தக் கட்டம் இல்லை, அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை நிபந்தனையின் கணக்கையும் சொல்ல வேண்டும். ஓர் அறக்கட்டளை 30 நாள் அவகாசம் தந்தால் அதில் நான்கு வெள்ளிக்கிழமைகள் வரும், சில நேரம் ஐந்து. முதல் வெள்ளியன்று மாணவர் வந்து கேட்கிறார், குடும்ப அட்டை நகல் கொண்டுவரச் சொல்கிறீர்கள். இரண்டாம் வெள்ளியன்று கடிதம் எழுதப்படுகிறது, தலைவர் வெளியூரில் இருப்பதால் கையெழுத்து விழவில்லை. மூன்றாம் வெள்ளியன்று கடிதம் கைக்கு வருகிறது. வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் பெயரில் எழுத்துப்பிழை. நான்காம் வெள்ளியன்று திருத்திய கடிதம் கிடைத்தாலும், அதை ஸ்கேன் செய்து ஏற்றுவதற்குள் விண்ணப்பத் தேதி முடிந்திருக்கும். வழக்கமாக நடக்கும் ஒரே ஒரு பிழைக்கே இவ்வளவு. ரமலானை ஒட்டி விண்ணப்பம் கேட்கும் அறக்கட்டளைகள் உண்டு. அந்த மாதத்தில் நிர்வாகிகளின் வெள்ளிக்கிழமை எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

பெயர்ப்பிழையைச் சின்ன விஷயமாக நினைத்துவிடாதீர்கள். கடிதம் கொடுத்தும் விண்ணப்பம் திரும்பி வருவதற்கு நாங்கள் அதிகம் காணும் காரணம் இதுதான். பதிவேட்டில் ‘முகமது’ என்று ஒரே விதமாக எழுதுகிறோம். ஆதாரில் அது Mohamed, மதிப்பெண் பட்டியலில் Mohammed, வங்கிக் கணக்கில் Mohd என்று நிற்கிறது. பாத்திமா Fathima ஆகவும் Fatima ஆகவும் வருகிறார். முன்னெழுத்து மதிப்பெண் பட்டியலில் பெயருக்கு முன்னால் இருக்கிறது, வேறு ஆவணத்தில் பின்னால் போய்விடுகிறது. வெளிமாநில அறக்கட்டளையின் படிவம் குடும்பப் பெயர் கேட்கும்போது அந்த ஒற்றை எழுத்தே குடும்பப் பெயராகிவிடுகிறது. கடிதத்தில் நீங்கள் நான்காவதாக ஒரு எழுத்துமுறையைச் சேர்த்தால், பரிசீலிப்பவர் இது வேறு ஆள் என்று ஒதுக்கிவிடுவார். செய்ய வேண்டியது எளிது. மாணவரின் பெயரைப் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் உள்ளபடியே, எழுத்து மாறாமல் எழுதுங்கள். பதிவேட்டில் வேறு விதமாக இருந்தால், ‘எங்கள் பதிவேட்டில் இன்னவாறு எழுதப்பட்டிருப்பவரும் இவரும் ஒருவரே’ என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். தந்தையின் பெயருக்கும் இதுவே வழி.

அடுத்தது கடிதத்தின் உள்ளடக்கம். இப்போது நம் ஜமாஅத் தரும் கடிதத்தில் என்ன இருக்கிறது? ‘இவர் நம் மஹல்லாவைச் சேர்ந்தவர், நல்லொழுக்கமுள்ளவர், மிகவும் ஏழ்மையான குடும்பம், தங்களால் இயன்ற உதவி செய்யவும்’ என்று இருக்கிறது. மருத்துவ உதவிக்கும் குமர் காரியத்துக்கும் கொடுக்கும் அதே வாசகம். அறக்கட்டளை கேட்ட எதுவும் இதில் இல்லை. எந்தப் பதிவேட்டில், எந்த எண்ணில் இருக்கிறார், எத்தனை ஆண்டாக இருக்கிறார், பதிவேட்டில் உள்ளவருக்கு மாணவர் என்ன உறவு என்பதுதான் அவர்களுக்கு வேண்டியது. ஏழ்மையை நீங்கள் எழுதினாலும் வருமானச் சான்றிதழ் இல்லாமல் ஏற்கமாட்டார்கள். எழுதிய தொகை அந்தச் சான்றிதழோடு முரண்பட்டால் இரண்டுமே சந்தேகத்துக்கு உள்ளாகும். அறக்கட்டளை வீட்டு நிலைமை பற்றிய உங்கள் கருத்தையும் கேட்டால் அதைத் தனிக் கடிதமாகக் கொடுங்கள். உறுப்பினர் உறுதிக் கடிதம் வேறு, பரிந்துரைக் கடிதம் வேறு. முன்னது பதிவேட்டின் நகலைப் போன்றது. பின்னது உங்கள் மனச்சாட்சியைப் பொறுத்தது, தர மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு. இரண்டையும் ஒரே தாளில் குழைத்ததால்தான் உறுப்பினர் என்று உறுதி சொல்வதையே தயவாக நினைக்கும் பழக்கம் வந்தது என்று கருதுகிறோம்.

கீழே உள்ள வாசகத்தை நீங்கள் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்:

‘எங்கள் மஹல்லா ஜமாஅத்தின் குடும்பப் பதிவேட்டில் ____ ஆம் எண்ணில் ____ ஆம் ஆண்டு முதல் பதிவாகியுள்ள ____ அவர்களின் மகன்/மகள் ____ (பிறந்த தேதி ____), ____ கல்லூரியில் ____ ஆம் ஆண்டு பயில்பவர், எங்கள் ஜமாஅத்தைச் சேர்ந்த முஸ்லிம் குடும்பத்தவர் என்று பதிவேடுகளைப் பார்த்து உறுதி செய்கிறோம். குடும்பம் தற்போது வசிக்கும் முகவரி ____. இக்கடிதம் ____ அறக்கட்டளையின் ____ கல்வியாண்டு உதவித்தொகை விண்ணப்பத்துக்காக மட்டும் தரப்படுகிறது.’

கடைசி வரி முக்கியம். எந்த அறக்கட்டளை, எந்தக் கல்வியாண்டு என்று குறிப்பிடாத கடிதத்தை எங்கும் பயன்படுத்த முடியும். நீங்கள் அஞ்சும் முறைகேடு அந்த ஓட்டை வழியாகத்தான் நடக்கிறது.

லெட்டர் பேடில் பள்ளிவாசலின் முழு முகவரியும் வக்ஃப் வாரியப் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். ஜமாஅத் சங்கமாகப் பதிவாகியிருந்தால் அந்தப் பதிவு எண்ணும் வேண்டும். அனுப்பு எண் இட்டு, ஹிஜ்ரி தேதியோடு ஆங்கிலத் தேதியையும் எழுதுங்கள். ஹிஜ்ரி தேதி மட்டும் இருந்தால், கடிதம் விண்ணப்பக் காலத்துக்குள் எழுதப்பட்டதா என்று கணினியில் சரிபார்ப்பவருக்குப் புரியாது. கையெழுத்துக்குக் கீழே பெயரும் பொறுப்பும் தெளிவாக இருக்கட்டும். முத்திரை கையெழுத்தின் மேலேயே விழுந்து இரண்டும் படிக்க முடியாமல் போவதைப் பார்க்கிறோம், சற்றுத் தள்ளிக் குத்துங்கள். வெளிர் பச்சை முத்திரை கோப்பு அளவைக் குறைக்கும்போது மறைந்துவிடுகிறது, நீல மை நிற்கும். அறக்கட்டளை வெளிமாநிலத்தில் இருந்தால் தமிழ்க் கடிதத்தைப் படிக்க அங்கே ஆள் இருக்கமாட்டார்கள். அதே தாளில் ஆங்கில வாசகமும் இருக்கட்டும்.

பலர் கவனிக்காத ஒன்று தொலைபேசி எண். பல அறக்கட்டளைகள் கடிதத்தில் உள்ள எண்ணை அழைத்து, இந்த மாணவருக்குக் கடிதம் கொடுத்தீர்களா என்று கேட்கின்றன. நம் லெட்டர் பேடில் இன்னும் முந்தைய நிர்வாகத்தின் செயலாளர் எண் இருக்கிறது. அவர் எடுத்து ‘எனக்குத் தெரியாதே’ என்றால் உண்மையான கடிதம் போலியாகிவிடும். பதவியில் இருப்பவரே எடுத்தாலும், இரண்டு மாதம் முன் கொடுத்த கடிதம் யாருக்கு நினைவிருக்கும்? அதற்காகத்தான் அனுப்பு எண்ணும் நகலும். ஒரு குறிப்பேட்டில் எண், தேதி, மாணவர் பெயர், பதிவேட்டுப் பக்கம், எந்த அறக்கட்டளை, வாங்கியவர் கையெழுத்து என்று ஆறு கட்டங்கள் இட்டு வைத்தால், அழைப்பு வரும்போது ஒரு நிமிடத்தில் பதில் சொல்லிவிடலாம். பொய்க் கடிதத்தைத் தடுக்கும் பூட்டு இந்தக் குறிப்பேடுதான். அவசரத்துக்கு உதவும் என்று வெற்று லெட்டர் பேடில் முன்கூட்டியே கையெழுத்திட்டு வைக்கும் வழக்கத்தையும் இன்றோடு நிறுத்துங்கள். அப்படி ஒரு தாள் வெளியே போய்ப் பிடிபட்டால், அந்த அறக்கட்டளை அதன் பிறகு நம் பள்ளிவாசலிலிருந்து வரும் எல்லாப் பிள்ளைகளின் கடிதத்தையும் சந்தேகத்தோடுதான் பார்க்கும்.

வாடகைக்கு வந்திருக்கும் குடும்பங்கள் பற்றியும் ஒரு வார்த்தை. அவர்கள் பதிவேட்டில் இல்லை என்றால் உறுப்பினர் என்று எழுதச் சொல்லி நாங்கள் கேட்கமாட்டோம். அது பொய்ச் சாட்சி. ஆனால் ‘இன்ன தேதி முதல் எங்கள் மஹல்லா எல்லையில் வசிக்கிறார், எங்கள் உறுப்பினர் அல்லர், முந்தைய ஜமாஅத் இன்னது’ என்று எழுதித் தரலாம். ஊர் ஜமாஅத் தரும் உறுப்பினர் கடிதத்தோடு இதையும் இணைத்தால் முகவரி ஏன் மாறியிருக்கிறது என்பது பரிசீலிப்பவருக்கு விளங்கிவிடும். அதேபோல், பதிவேட்டில் பெயர் இருந்தும் வேறு பள்ளிவாசலில் தொழுகிறார்கள் என்பதற்காகச் சில வீடுகளுக்குக் கடிதம் மறுக்கப்பட்டது. தகப்பன் எங்கே தொழுகிறார் என்று எந்த விண்ணப்பமும் கேட்கவில்லை. அந்தக் கருத்து வேறுபாட்டின் சுமையைப் பதினெட்டு வயதுப் பிள்ளையின் தலையில் இறக்கி வைப்பது அநீதி என்று நேராகவே சொல்கிறோம்.

ஆகவே எங்கள் கோரிக்கைகள் இவை.

பலகையில் உள்ள அறிவிப்பை வரும் நிர்வாகக் கூட்டத்தில் திரும்பப் பெறுங்கள். உறுப்பினர் உறுதிக் கடிதத்துக்கும் சந்தா பாக்கிக்கும் தொடர்பில்லை என்று தீர்மானம் எழுதி, அதே பலகையில் ஒட்டுங்கள்.

தாயோ, பாதுகாவலரோ, 18 வயது நிரம்பியிருந்தால் மாணவரோ மாணவியோ தாமே வந்து கேட்டாலும் கடிதம் கொடுங்கள். பெண்கள் வந்து கேட்க, ஜும்ஆ கூட்டத்துக்கு நடுவே நிற்கத் தேவையில்லாத ஒரு நேரத்தையும் இடத்தையும் அறிவியுங்கள்.

வாரத்தில் வெள்ளி அல்லாத இரண்டு நாட்கள், அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் அலுவலகம் திறந்திருக்கட்டும். ஆவணங்கள் சரியாக இருந்தால் மூன்று வேலை நாட்களுக்குள் கடிதம் கைக்கு வர வேண்டும். தலைவர் ஊரில் இல்லாத நாளில் கையெழுத்திட இன்னொருவருக்கு எழுத்துப்பூர்வமாக அதிகாரம் கொடுங்கள்.

கடிதம் மறுக்கப்பட்டால் காரணத்தை எழுதிக் கொடுங்கள். ‘பதிவேட்டில் இல்லை’ என்பது காரணம், ஏற்றுக்கொள்வோம். வேறு காரணமாக இருந்தால் அது எழுத்தில் இருக்கட்டும்.

லெட்டர் பேடில் உள்ள பழைய தொலைபேசி எண்ணை இந்த வாரமே மாற்றுங்கள். புதிதாக அச்சடிக்கும்வரை பழையதை அடித்துவிட்டுக் கையால் எழுதி, பக்கத்தில் சிறு கையெழுத்து இட்டால் போதும்.

குடும்பப் பதிவேட்டைப் புதுப்பிக்கும் வேலையை இந்த ஆண்டே தொடங்குங்கள். பெண்கள், பிள்ளைகள் எல்லோருடைய பெயரும் பிறந்த தேதியும் அதில் ஏற வேண்டும். வீடு வீடாகப் போய் எழுதும் வேலைக்கு நாங்கள் வருகிறோம். படிவத்தை நாங்களே அச்சடித்துத் தருகிறோம், பதிவேடு உங்கள் பொறுப்பிலேயே இருக்கட்டும்.

இதற்கான பதிலை 15 நாட்களுக்குள் எழுத்தில் எதிர்பார்க்கிறோம். இப்போது திறந்திருக்கும் விண்ணப்பங்களுக்காகக் கடிதம் கேட்டுத் திருப்பி அனுப்பப்பட்ட மாணவர்களின் பட்டியலும் அவர்களின் ஆவண நகல்களும் எங்களிடம் உள்ளன. தீர்மானத்துக்குக் காத்திராமல் அவர்களுக்கு மட்டும் முதலில் கடிதம் தாருங்கள். நாள் சொன்னால் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வருகிறோம்.

வஸ்ஸலாம்.

இப்படிக்கு,
நம் மஹல்லா மாணவர்களுக்கு உதவித்தொகை விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்போர்